சீ.ஏ.க்குப் பதிலாகக் கம்பனிச் செயலாளரா, கிரயக் கணக்காளரா?

கேள்வி: "தங்கச்சி உயர்தரம் வர்த்தகப் பிரிவு, நல்ல பெறுபேறு. சீ.ஏ. எண்டா பயிற்சிக்கு மூண்டு வருசம் கொழும்பில நிக்க வேணும், வீட்டில விருப்பமில்ல. யூடியூப்பில சீ.எஸ்., சீ.எம்.ஏ. எண்டு ரெண்டு படிப்புச் சொல்லுறாங்க. அது ரெண்டும் சீ.ஏ.க்குச் சமமா? முடிச்சா திருகோணமலையிலேயே வேலை செய்யலாமா?"

நீங்கள் பார்த்தவை பெரும்பாலும் தமிழ்நாட்டுக் காணொளிகளாகத்தான் இருக்கும். அவற்றில் தவறில்லை, ஆனால் அவை இந்தியச் சட்டத்தை வைத்துப் பேசுபவை. அங்கே சீ.எஸ். எனப்படும் கம்பனிச் செயலாளருக்கான நிறுவனம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், சீ.எம்.ஏ. எனப்படும் கிரயக் கணக்காளருக்கான நிறுவனம் 1959ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் அமைந்தவை. 2013ஆம் ஆண்டு இந்தியக் கம்பனிச் சட்டம் இரண்டு தரப்புக்கும் தனித்தனியாக வேலை ஒதுக்கியிருக்கிறது. செலுத்திய மூலதனம் பத்துக் கோடி இந்திய ரூபாயோ அதற்கு மேலோ உள்ள கம்பனி முழுநேரச் செயலாளர் ஒருவரை வைத்திருக்க வேண்டும். குறிப்பிட்ட சில தொழில்களில் விற்பனை ஒரு எல்லையைத் தாண்டினால் கிரயக் கணக்காய்வு கட்டாயம், அதில் கையெழுத்திடக் கூடியவர் கிரயக் கணக்காளர் மட்டும்தான். அந்த உரிமை பாக்குநீரிணையைத் தாண்டி வராது. இலங்கையில் அதே பெயர்களுக்குப் பின்னால் இருக்கும் ஏற்பாடு வேறு. ஆகவே இங்குள்ள நிலையை மட்டும் சொல்கிறேன்.

"சமமா" என்பதைப் பரீட்சை எவ்வளவு கடினம் என்று பார்த்து அளக்க முடியாது. யாருடைய கையெழுத்தைச் சட்டம் கேட்கிறது என்று பார்ப்பதே சரியான அளவுகோல். 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தின் கீழ், கம்பனியின் கணக்காய்வாளர் இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவனத்தின் உறுப்பினராக, அதாவது சீ.ஏ. முடித்தவராக, இருக்க வேண்டும். சிறிய தனியார் கம்பனிகளுக்குப் பதிவுபெற்ற கணக்காய்வாளர் என்ற ஒரு விலக்கு உண்டு, அவ்வளவுதான். செயலாளரோ கிரயக் கணக்காளரோ எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் அந்தத் தகைமையை மட்டும் வைத்துக் கணக்காய்வு அறிக்கையில் கையெழுத்திட முடியாது. தங்கச்சி தன் பெயரில் கணக்காய்வு நிறுவனம் ஒன்று நடத்த ஆசைப்படுகிறாரென்றால் மாற்று வழி தேட வேண்டாம், சீ.ஏ.தான் வழி.

கம்பனிச் செயலாளருக்கும் சட்டம் ஓர் இடம் வைத்திருக்கிறது. மூன்றே பங்குதாரர் உள்ள கம்பனியானாலும் செயலாளர் ஒருவர் இல்லாமல் இருக்க முடியாது. பணிப்பாளர் படிவம் 18இலும் செயலாளர் படிவம் 19இலும் சம்மதக் கையெழுத்து வைத்த பிறகுதான் கம்பனியைப் பதிய முடியும். ஆனால் அந்த இடத்துக்குப் பல வாசல்கள் உண்டு. சட்டத்தரணியும் வரலாம், பட்டயக் கணக்காளரும் வரலாம், பட்டயச் செயலாளர் பரீட்சை முடித்தவரும் வரலாம். செயலாளராகப் பணியாற்றுபவர்களைக் கம்பனிகள் பதிவாளர் திணைக்களம் பதிவு செய்கிறது. அதாவது வேலை கட்டாயமானது, ஆனால் அது ஒரே படிப்புக்காரரின் தனியுரிமை இல்லை. போட்டிக்கு வருபவர்களில் பாதிப்பேர் சட்டத்தரணிகளாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

கிரயக் கணக்காளரின் நிலை இதற்கு நேர்மாறு. நம் கம்பனிச் சட்டத்தில் கிரயக் கணக்காய்வு என்றொரு கட்டாயமே இல்லை. பெயரும் இங்கே முகாமைத்துவக் கணக்காளர் என்றே புழங்குகிறது. 2009ஆம் ஆண்டின் 23ஆம் இலக்கச் சட்டத்தால் கூட்டிணைக்கப்பட்ட இலங்கைச் சீ.எம்.ஏ. ஒன்று, பிரித்தானியாவின் பட்டய முகாமைத்துவக் கணக்காளர் நிறுவனமான சீமா இன்னொன்று. சீமா 1919இல் கிரயக் கணக்காளர் சங்கமாகத் தொடங்கியதுதான். இவர்களைத் தொழில்தருநர் வேலைக்கு எடுப்பது சட்டம் கேட்பதால் அல்ல, இவர்கள் போடும் கணக்கு தேவைப்படுவதால். காலம் போகப் போகச் சம்பளம் பெரிதும் வித்தியாசப்படுவதற்கும் இதுவே காரணம். முடிவெடுக்க உதவுகிற கணக்காளர் நிதி முகாமையாளராகப் போகிறார், கணினியில் பதிவு மட்டும் செய்பவர் தகைமை இருந்தும் பதிவு செய்துகொண்டே இருக்கிறார்.

மூவரும் ஒரே விடயத்தில் எங்கெங்கே வருகிறார்கள் என்று பார்த்தால் வேறுபாடு தெளிவாகும். நம் ஊருக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டு: மீன்பிடித் துறைக்கு ஐஸ் கட்டி விற்கும் ஒரு தனியார் கம்பனி. தகப்பனும் இரண்டு மகன்மாரும் பங்குதாரர். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. ஒரு கட்டி 400 ரூபாய். ஒரு கட்டி உற்பத்தி செய்யும்போது கூடுகிற செலவு, அதாவது மின்சாரம், தண்ணீர், ஏற்றுகூலி, 220 ரூபாய். கட்டி உற்பத்தியானாலும் ஆகாவிட்டாலும் மாதம் போகிற செலவு 18 இலட்சம். அதில் 3 இலட்சம் இயந்திரத் தேய்மானம். ஏனையது சம்பளம், வாடகை போன்ற காசுச் செலவு. கடல் அமைதியான எட்டு மாதங்களில் மாதம் 15,000 கட்டி போகும். கார்த்திகை தொடங்கி வாடைக் காற்றோடு கடல் கொந்தளிக்கிற நான்கு மாதங்களில் 6,000தான்.

முதலில் கிரயக் கணக்காளர். நல்ல மாதத்தில் நிலையான செலவைப் பங்கிட்டால் கட்டிக்கு 120 ரூபாய் விழும், மொத்தக் கிரயம் 340. மாரியில் அதே செலவு 300 ரூபாயாக விழும், மொத்தம் 520. இந்த 520ஐப் பார்த்ததும் முதலாளிக்கு வருகிற முதல் யோசனை விலையைக் கூட்டுவது, அல்லது குறைந்த விலைக்கு வருகிற கட்டளையைத் திருப்பி அனுப்புவது. மாரி மாதத்தில் ஒரு ஹோட்டல்காரர் 1,500 கட்டியை 350 ரூபாய்க்குக் கேட்கிறார் என்று வைப்போம். 520 கிரயமான பொருளை 350க்கு விற்பதா என்று தோன்றும். ஆனால் அந்த 1,500 கட்டிக்காகப் புதிதாகக் கூடும் செலவு கட்டிக்கு 220 மட்டும்தான். மீதி 130 ரூபாய், மொத்தம் 1,95,000, எப்படியும் போகப்போகிற 18 இலட்சத்தைக் கொஞ்சம் தாங்கும். எடுக்கலாம் என்பது பாடப்புத்தகம் தரும் விடை.

வேலை தெரிந்தவர் அங்கே நிற்க மாட்டார். திருகோணமலை சின்ன ஊர், விலை ஒரு நாளில் பரவிவிடும். வழக்கமாக வாங்கும் 6,000 கட்டிக்காரரும் "எங்களுக்கும் 350" என்றால் 50 ரூபாய் வீதம் 3 இலட்சம் போகும். 1,95,000ஐ எடுக்கப் போய் 1,05,000 நட்டம். ஆகவே கேள்வி கிரயத்தில் இல்லை, அந்த ஹோட்டல்காரரின் விலையைத் தனியாக வைத்திருக்க முடியுமா என்பதில்தான் இருக்கிறது.

இன்னொரு இடத்திலும் கணக்கு பிசகும். மின்சாரப் பட்டியலை முழுவதும் மாறும் செலவு என்று எடுத்துவிடுவார்கள். பெரிய இணைப்புகளின் பட்டியலில் பாவித்த அலகுக்கான கட்டணம் ஒரு வரி, அந்த மாதத்தில் ஒரே நேரத்தில் இழுத்த உச்ச மின்சார அளவுக்கு, கேவீஏ கணக்கில், இன்னொரு வரி. இரண்டு கம்பிறசரையும் ஒரே நேரத்தில் இயக்கிவிட்டால் அந்த உச்சம் பதிவாகிவிடும். அதன்பிறகு மாதம் முழுவதும் பாதி அளவே உற்பத்தி செய்தாலும் அந்தக் கட்டணம் குறையாது. இப்படி நடந்திருப்பதைக் கண்டுபிடிக்க, உற்பத்தி குறைந்த மாதத்தின் பட்டியலையும் கூடிய மாதத்தின் பட்டியலையும் பக்கத்தில் வைத்து ஒவ்வொரு வரியாகப் பார்த்தால் போதும். இந்த ஒரு வரியைப் பிரிக்கத் தெரிந்த கணக்காளருக்கு ஐஸ் பிளாண்டில் மட்டுமல்ல, மா ஆலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் மதிப்பிருக்கும். சீனன்குடா பக்கம் இயந்திரம் ஓடுகிற இடங்களில் கணக்குப் பிரிவு உண்மையில் கேட்பது இந்த வகைக் கண்ணைத்தான்.

இப்போது செயலாளர். கம்பனியின் கணக்காண்டு மார்ச் 31இல் முடிகிறது. இலாபம் 30 இலட்சம். தகப்பன் ஒக்டோபரில் 20 இலட்சம் பங்கிலாபம் எடுக்க வேண்டும் என்கிறார், மூத்தவருக்கு வீடு கட்ட. இலாபம் இருக்கிறதுதானே என்று காசோலை எழுத முடியாது. பணிப்பாளர் சபை முதலில் கம்பனியின் கடன் தீர்க்கும் வல்லமையைப் பார்த்துத் திருப்தியடைய வேண்டும். அதற்கு இரண்டு சோதனை. ஒன்று, சொத்துகளின் பெறுமதி, பொறுப்புகளையும், பங்குகளுக்காகப் பங்குதாரர் போட்ட பணமான கூறப்பட்ட மூலதனத்தையும் கூட்டி வருவதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். இரண்டு, கடன்களை அவை வருகிற வருகிற நேரத்தில் கட்டக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டும் பங்கிலாபம் வெளியே போன பிறகும் நிற்க வேண்டும். இதற்குக் கணக்காய்வாளரின் சான்றிதழும் வேண்டும். அங்கேதான் சீ.ஏ.காரர் வருகிறார். பிறகு பங்குதாரரின் சாதாரணத் தீர்மானம். இந்த ஒழுங்கில் எதுவும் முன்பின் ஆகாமல், திகதி பிழைக்காமல், கூட்டறிக்கையில் ஏறச் செய்வது செயலாளரின் பொறுப்பு.

எண்களைப் போட்டுப் பார்ப்போம். சொத்து 220 இலட்சம், பொறுப்பு 145 இலட்சம், கூறப்பட்ட மூலதனம் 50 இலட்சம். எஞ்சுவது 25 இலட்சம். 20 போனாலும் 5 இலட்சம் மிஞ்சுகிறது, முதல் சோதனை சரி. இரண்டாவதற்கு முகாமைத்துவக் கணக்காளர் போட்ட மாரிக்காலக் கணக்கு வேண்டும். மாதம் 6,000 கட்டியில் கட்டிக்கு 180 வீதம் 10.8 இலட்சம் வருகிறது. தேய்மானம் காசாகப் போவதில்லை, அதைக் கழித்தால் நிலையான காசுச் செலவு 15 இலட்சம். மாதப் பற்றாக்குறை 4.2 இலட்சம். வங்கிக் கடன் தவணை 2 இலட்சத்தையும் சேர்த்தால் 6.2. நான்கு மாதத்துக்கு 24.8 இலட்சம். ஒக்டோபர் முடிவில் வங்கியில் இருப்பதோ 28 இலட்சம். அதில் 20ஐ எடுத்தால் 8 இலட்சம் மிஞ்சும், அது ஒன்றரை மாதம்கூடத் தாங்காது. ஐந்தொகையில் தேறிய கம்பனி தை பிறக்கும் முன் தவணை தவறும்.

இதைத் தகப்பனிடம் எடுத்துச் சொல்லி, இப்போதைக்கு வேண்டாம், கடல் திறந்து விற்பனை மீண்ட பிறகு மறுபடி சோதனை போட்டு எடுக்கலாம் என்று சபையைத் தீர்மானிக்க வைப்பவர் நல்ல செயலாளர். படிவம் நிரப்புவதை மட்டும் தெரிந்தவர் தீர்மானத்தைத் தட்டச்சு செய்து கையெழுத்துக்கு நீட்டுவார். பிறகு கம்பனி முறிந்தால் அந்த 20 இலட்சத்தைத் திருப்பிக் கேட்கலாம், கையெழுத்திட்ட பணிப்பாளர்கள் சொந்தமாகப் பொறுப்பேற்க வேண்டியும் வரலாம்.

ஆண்டு முழுவதுமான ஏனைய வேலைகள் இதைவிட எளியவை, ஆனால் தவறுவது அவற்றில்தான். நிதிக்கூற்றுகள் கணக்காண்டு முடிந்து ஆறு மாதத்துக்குள், அதாவது இந்தக் கம்பனிக்கு செப்டெம்பர் 30க்குள். ஆண்டுப் பொதுக் கூட்டமும் அதற்குள். எழுத்திலான தீர்மானத்துக்கும் சட்டத்தில் வழி உண்டு, குடும்பக் கம்பனிகளில் அதுவே வசதி. கூட்டம் முடிந்து 30 வேலை நாட்களுக்குள் படிவம் 15, ஆண்டு அறிக்கை. பணிப்பாளர் மாறினால் 20 வேலை நாட்களுக்குள் படிவம் 20. இவை இப்போது eROC என்ற இணைய முறையில் போகின்றன, ஆகவே கொழும்புக்கு ரயில் ஏறி வரிசையில் நிற்கிற காலம் பெரும்பாலும் போய்விட்டது. உங்கள் கேள்விக்கு இது முக்கியம்.

வழக்கமாக நடக்கிற கோளாறு இப்படி: இளைய மகன் வெளிநாடு போகும்போது விலகல் கடிதம் எழுதி அலுமாரியில் வைத்துவிட்டுப் போவார். படிவம் 20 போடப்படாது. இரண்டு வருடம் கழித்து வங்கிக் கடனுக்குப் போனால், பதிவாளரின் ஏட்டில் அவர் இன்னும் பணிப்பாளர், அவருடைய கையெழுத்தும் வேண்டும் என்பார்கள். பங்கை மச்சானுக்கு வாயால் கொடுத்துவிட்டு, மாற்றல் பத்திரமும் இல்லாமல், பங்குப் பதிவேட்டிலும் ஏற்றாமல் விடுவதும் அடிக்கடி நடப்பது. பதிவேட்டில் பெயர் இல்லாதவர் பங்குதாரர் என்று நிற்பது வழக்குவரை போகிற சண்டை. புதிதாக ஒரு கம்பனியைப் பொறுப்பேற்கும் செயலாளர் முதலில் செய்ய வேண்டியது, கம்பனியிடம் இருக்கும் பதிவேட்டையும் பதிவாளரிடம் உள்ள கடைசிப் படிவம் 15ஐயும் ஒப்பிட்டுப் பார்ப்பது. இரண்டும் பொருந்தாத கம்பனிகள் ஏராளம்.

இனி திருகோணமலையில் பிழைப்பு. செயலாளர் வேலையை இங்கிருந்தே செய்யலாம், அதில் சந்தேகமில்லை. ஆனால் இங்கே உள்ள கடை, லொட்ஜ், படகுச் சேவை போன்றவற்றில் பெரும்பகுதி வணிகப் பெயர்ப் பதிவோடு நிற்கிற தனி வியாபாரமோ பங்குடைமையோதான். அவற்றுக்குச் செயலாளர் தேவையில்லை. ஒரு சிறு கம்பனி ஆண்டுக்குத் தருகிற கட்டணம் ஒரு மாதச் சம்பளத்துக்கும் வராது, ஆகவே பல கம்பனிகள் கையில் சேரும்வரை இதை மட்டும் நம்ப முடியாது. கணக்கெழுதுதல், வரி அறிக்கை ஆகியவற்றோடு சேர்த்துச் செய்தால் நிற்கும். பட்டியலிடப்பட்ட கம்பனிகளின் செயலாளர் பதவி, அதாவது சபைக் கூட்டங்கள், பங்குச் சந்தை அறிவித்தல்கள் என்று போகும் உயர்ந்த வேலை, கொழும்பில்தான். அந்த வழியைத் தேர்ந்தால் சட்டப் படிப்பும் சேர்ந்திருப்பது பெரிய பலம். இது என் அபிப்பிராயம், விதி அல்ல.

முகாமைத்துவக் கணக்கியலில் இடப்பிரச்சினை குறைவு. சீ.ஏ.வில் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியிடத்தில் மூன்று வருடம் இருக்க வேண்டும், அந்த இடங்கள் கொழும்பில்தான் குவிந்திருக்கின்றன. சீமாவும் மூன்று வருட அனுபவம் கேட்கிறது, ஆனால் அது பொருத்தமான எந்த வேலையிடத்திலும் சேரலாம். ஊரில் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்துகொண்டே படிக்கலாம். அங்கே தடுக்குவது வேறொன்று. சீமாவில் ஆரம்பச் சான்றிதழ் மட்டத்தைத் தாண்டியபின் ஒவ்வொரு படியிலும் முதலில் கணினியில் விடை தெரிவு செய்யும் 90 நிமிடப் பரீட்சைகள், பிறகு மூன்று மணி நேர நிகழ்வுப் பரீட்சை. உயர்தரம் தமிழில் படித்த பிள்ளைகள் முதல் வகையை நன்றாகத் தாண்டிவிடுவார்கள், ஏனென்றால் கணக்கு மொழி கேட்பதில்லை. நிகழ்வுப் பரீட்சையில் ஒரு கம்பனியின் பிரச்சினையை வாசித்து மேலதிகாரிக்கு ஆங்கிலத்தில் விளக்கம் எழுத வேண்டும். மேலே சொன்ன ஐஸ் கட்டிக் கணக்கைப் போட்டுவிடுவார்கள், "ஏன் இந்தக் கட்டளையை ஏற்கக்கூடாது" என்று நான்கு பந்தி எழுதச் சொன்னால் நின்றுவிடுவார்கள். வருடக்கணக்காக அங்கேயே தேங்குவது அறிவு போதாமல் அல்ல, எழுத்துப் பழக்கம் போதாமல். பாடநூலோடு சேர்த்து, முதல் நாளிலிருந்தே வாரம் ஒரு பக்கம் ஆங்கில விளக்கம் எழுதிப் பழக வேண்டும்.

கட்டணங்களை இங்கே எழுதவில்லை. சீமாவின் கட்டணம் பவுணில் இருப்பதால் ரூபாயின் பெறுமதியோடு ஆடும். பாட விலக்குகளும் பாடத்திட்டத்தோடு மாறும். ஒரு விடயம் மட்டும்: விலக்குக் கிடைத்த பாடத்துக்கும் பல இடங்களில் கட்டணம் உண்டு, அதைக் கணக்கில் எடுக்காமல் சேர்ந்துவிட வேண்டாம்.

உங்கள் தங்கச்சியின் நிலைக்கு என் யோசனை: ஊரிலேயே இருக்க வேண்டும், கணக்கில் கெட்டி என்றால் முகாமைத்துவக் கணக்கியல். ஏ.ஏ.ரி. என்ற ஆரம்பநிலைக் கணக்கியல் பரீட்சைகளைத் தமிழிலும் எழுதலாம் என்பதால் அதை முதல் படியாக வைத்து, அந்தக் காலத்திலேயே உற்பத்தி நடக்கிற ஓரிடத்தில் கணக்குப் பிரிவு வேலை ஒன்றும் தேடுவது நல்லது. வாசிப்பதிலும் எழுதுவதிலும் சட்ட நுணுக்கத்திலும் விருப்பம் கூடவென்றால் செயலாளர் வழி, ஆனால் அதற்கு ஆரம்ப வருடங்களில் கொழும்புத் தொடர்பு வேண்டிவரும். எதையும் முடிவு செய்யமுன், கொழும்புப் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஏதாவது ஒரு கம்பனியின் ஆண்டறிக்கையை இறக்கி அவரிடம் கொடுங்கள். திருகோணமலையில் ஆலை உள்ள டோக்கியோ சீமெந்தின் அறிக்கை இலவசமாகக் கிடைக்கும். அதில் கம்பனி ஆளுகை பற்றிய பக்கங்களை வாசிக்க மனம் வருகிறதா, விற்பனைக் கிரயத்தைப் பற்றிய குறிப்புகளை வாசிக்க மனம் வருகிறதா என்று இரண்டு நாள் பார்க்கச் சொல்லுங்கள்.